பட்டையின் நுனி மட்டும் போதும்

தமிழ்நாட்டு மாவட்டங்களின் எழுத்தறிவு வீதத்தை ஒரே படத்தில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது மாவட்டங்கள் 32. எக்செலில் ஒரு பத்தியில் பெயர்களையும் பக்கத்துப் பத்தியில் எண்களையும் இட்டு, பட்டை வரைபடத்துக்கான பொத்தானை அழுத்துகிறோம். திரையில் 32 தூண்கள் எழுந்து நிற்கின்றன. கீழே பெயர்களுக்கு இடம் போதவில்லை. மென்பொருள் அவற்றைச் சாய்த்துப் போடுகிறது. இன்னும் நெருக்கினால் செங்குத்தாக நிறுத்திவிடுகிறது. சில சமயம் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பெயர்களையே விழுங்கிவிடுகிறது. திருவண்ணாமலை, இராமநாதபுரம், நாகப்பட்டினம் என்று தமிழில் ஊர்ப்பெயர்கள் நீளமானவை. கொம்பும் காலும் சுழியுமாக இருக்கும் நம் எழுத்தைச் சாய்த்துப் படிப்பது கண்ணுக்கு வேதனை.

இது வடிவமைப்பாளரின் சோம்பலால் வருவதல்ல. கணக்கே அப்படித்தான். பத்திரிகைப் பக்கத்தில் படத்துக்கு 12 சென்டிமீட்டர் அகலம் கிடைத்தால் ஒரு தூணுக்கும் அதன் இடைவெளிக்கும் சேர்த்து நாலு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அந்த நாலு மில்லிமீட்டருக்குள் 'திருவண்ணாமலை' என்று படுக்கையாக எழுத யாராலும் முடியாது.

முதல் தீர்வு எளியது. படத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடலாம். பெயர்கள் இடப்பக்கம் வரிவரியாக, நாம் எப்போதும் படிக்கும் வாக்கில் அமையும். பட்டைகள் வலப்பக்கம் நீளும். ஒரு வரிக்கு ஐந்து மில்லிமீட்டர் என்றால் 32 வரிக்கு 16 சென்டிமீட்டர். ஒரு பத்திரிகைப் பக்கத்தில் தாராளமாக அடங்கும். பெயர்ச் சிக்கல் அத்தோடு தீர்ந்தது. பட்டை வரைபடம் பிறந்ததே இப்படிப் படுத்த நிலையில்தான். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786ஆம் ஆண்டு வெளியிட்ட வணிக வரைபடத் தொகுப்பில், 1780 கிறிஸ்துமஸ் முதல் 1781 கிறிஸ்துமஸ் வரை ஸ்காட்லாந்து 17 இடங்களோடு செய்த ஏற்றுமதி இறக்குமதியைப் படுக்கைப் பட்டைகளாக வரைந்தார். இடப்பெயர்களைப் பட்டைகளின் ஓரத்தில் நேராக, படிக்கும்படி எழுதினார். மற்றப் படங்களில் பல ஆண்டுக் கணக்கைக் கோடாக இழுத்தவருக்கு ஸ்காட்லாந்து பற்றி ஓராண்டுக் கணக்குதான் கிடைத்தது. வேறு வழியில்லாமல் போட்ட படம் அது.

ஆனால் திருப்பிப் போட்ட பிறகும் நம் மாவட்டப் படத்தில் ஒன்று உறுத்துகிறது. பக்கம் முழுக்க மை. மிகக் குறைந்த வீதம் தருமபுரியுடையது, 68.54 சதவீதம். மிக அதிகம் கன்னியாகுமரி, 91.75. அதாவது ஒவ்வொரு பட்டையிலும் முதல் 68 சதவீதப் பகுதி எல்லா மாவட்டத்துக்கும் பொது. படத்தின் மூன்றில் இரண்டு பங்கு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தக் கறுப்புச் சுவர் நமக்கு எந்தச் செய்தியையும் சொல்வதில்லை. மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும் பகுதி வலது ஓரத்தில் குறுகிய ஒரு பட்டியாக ஒடுங்கிக் கிடக்கிறது. நாம் பார்க்க வந்ததோ அதைத்தான்.

பட்டையில் நம் கண் தேடுவது அதன் நுனியை. அப்படியானால் நுனியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிட்டால் என்ன? அமெரிக்கப் புள்ளியியலாளர் வில்லியம் கிளீவ்லாந்து செய்தது அதைத்தான். நியூஜெர்சி மாநிலத்து பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், 1984இல் ஒரு கட்டுரையிலும் அடுத்த ஆண்டு தரவு வரைபடங்களைப் பற்றிய தம் நூலிலும் இந்தப் புள்ளி வரைபடத்தை முன்வைத்தார். ஒரு வரிக்கு ஒரு பெயர். அதற்கு நேரே, மெல்லிய புள்ளிக்கோட்டின் மேல், உரிய எண்ணின் இடத்தில் கெட்டியான ஒரு வட்டம். அவ்வளவுதான். பள்ளிப் பாடத்தில் எண்கோட்டின் மேல் புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படம் ஒன்று உண்டு. இது அதுவல்ல.

அதே 1984இல் கிளீவ்லாந்தும் அவருடைய சக ஆய்வாளர் ராபர்ட் மெக்கிலும் வெளியிட்ட இன்னொரு ஆய்வும் இங்கே முக்கியம். வரைபடத்தைப் பார்ப்பவர்கள் அதிலிருந்து அளவுகளை எவ்வளவு சரியாக மதிப்பிடுகிறார்கள் என்று சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு உருவங்களைக் காட்டி, சிறியது பெரியதில் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். பொதுவான ஒரே அளவுகோலின் மேல் ஒரு குறி எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லும்போது பிழை மிகக் குறைவாக இருந்தது. ஒரே தளத்திலிருந்து தொடங்காத துண்டுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னபோது பிழை 1.4 முதல் 2.5 மடங்கு வரை கூடியது. வட்டப் படத்தில் வருவதுபோன்ற கோணங்களில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2010இல் ஜெஃப்ரி ஹீர், மைக் பாஸ்டாக் இருவரும் இணையவழிப் பங்கேற்பாளர்களைக் கொண்டு இதைத் திரும்பச் செய்தபோதும் வரிசை பெரும்பாலும் அப்படியே நின்றது.

இதைக் காட்டிப் 'பட்டையைவிடப் புள்ளியைக் கண் துல்லியமாகப் படிக்கும்' என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. ஒரே தளத்திலிருந்து எழும் சாதாரணப் பட்டைகளில் நாம் பார்ப்பதும் நுனி நிற்கும் இடத்தைத்தான். அங்கே பட்டைக்கும் புள்ளிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நீளத்தைப் படிக்கும் தொல்லை, ஒன்றன்மேல் ஒன்றாகத் துண்டுகளை அடுக்கும் பட்டைகளில்தான் வருகிறது. புள்ளியின் பலன் வேறு. பட்டையால் செய்ய முடியாத இரண்டு காரியங்களைப் புள்ளி செய்கிறது. ஒன்று, பூச்சியத்தைவிட்டு விலக நமக்கு அனுமதி தருகிறது. மற்றது, ஒரே வரியில் இரண்டு மூன்று எண்களை நெருக்கடி இல்லாமல் உட்காரவைக்கிறது.

முதலில் பூச்சியம். பட்டையின் நீளம்தான் அது சொல்லும் எண். ஆகவே அது பூச்சியத்தில் தொடங்கியே ஆக வேண்டும். இடத்தை மிச்சப்படுத்த அச்சை 60இல் தொடங்கினால் என்ன ஆகும்? தருமபுரியின் பட்டைக்கு எட்டரை அலகு நீளம், கன்னியாகுமரியின் பட்டைக்கு முப்பத்தொன்றே முக்கால் அலகு. பார்ப்பவருக்குக் கன்னியாகுமரியில் தருமபுரியைப்போல நாலு மடங்கு பேர் படித்தவர்கள் என்று தோன்றும். உண்மையில் 91.75க்கும் 68.54க்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ நாலுக்கு மூன்று. அச்சில் '60' என்று தெளிவாக எழுதியிருந்தாலும் கண் அதைப் பொருட்படுத்தாது. கண்முன் நிற்கும் கறுப்பு நீளத்தைத்தான் அது நம்பும். தேர்தல் காலத்து விளம்பரங்களிலும் நிறுவன அறிக்கைகளிலும் இந்த வெட்டிய பட்டையை அடிக்கடி பார்க்கலாம்.

புள்ளிக்கு நீளம் கிடையாது. அது ஓர் இடத்தில் நிற்கிறது, அவ்வளவே. அதனால் அச்சை 65இல் தொடங்கி 95இல் முடிக்கலாம். படத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அகலம் இருந்தால், பூச்சியத்திலிருந்து நூறு வரை ஓடும் பட்டைப் படத்தில் ஒரு சதவீதத்துக்கு ஒரு மில்லிமீட்டர்தான் கிடைக்கும். 65 முதல் 95 வரை ஓடும் புள்ளிப் படத்திலோ மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கிடைக்கிறது. 83.45 பெற்ற மதுரையும் 82.50 பெற்ற திருநெல்வேலியும் முன்பு ஒன்றுபோலவே தெரிந்திருக்கும். இப்போது யார் முன், யார் பின் என்பது தெரிகிறது.

இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. இதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பெயரிலிருந்து புள்ளிவரை வரும் மெல்லிய கோடு எங்கே முடிய வேண்டும்? கிளீவ்லாந்து இதில் தெளிவாக இருந்தார். அச்சு பூச்சியத்தில் தொடங்கினால் கோடு புள்ளியோடு நின்றுவிடலாம். அப்போது கோட்டின் நீளமும் உண்மையான அளவையே சொல்லும். அச்சு வேறு எங்காவது தொடங்கினால் கோடு புள்ளியைத் தாண்டிப் படத்தின் வலது ஓரம் வரை ஓட வேண்டும். அப்போது எல்லா வரியிலும் கோட்டின் நீளம் ஒன்றே. பெயரிலிருந்து புள்ளிக்குக் கண்ணைக் கூட்டிச் செல்லும் தடம் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. கோட்டைப் புள்ளியோடு நிறுத்திவிட்டு அச்சையும் 65இல் தொடங்கினால், மெலிந்த பட்டை ஒன்றை வரைந்துவிட்டோம் என்று பொருள். இப்போது இணையத்தில் பரவலாக இருக்கும், குச்சி மிட்டாய்போல் தண்டும் தலையுமாக வரும் படங்கள் பலவற்றில் இந்தக் குறை இருக்கிறது. பட்டை ஒல்லியானதால் பொய் ஒல்லியாகிவிடுவதில்லை.

பூச்சியம் இல்லாத அச்சில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இடது ஓரத்தை ஒட்டி நிற்கும் தருமபுரியைப் பார்க்கும்போது, அங்கே எழுத்தறிவே இல்லையோ என்ற மயக்கம் தட்டும். அதைத் தடுக்க மாநில அளவை, 80.09 சதவீதத்தை, செங்குத்தான ஒரு கோடாகப் போட்டுவிடுவது நல்லது. அப்போது கண் ஓரத்திலிருந்து தூரத்தை அளக்காமல் அந்தக் கோட்டிலிருந்து அளக்கத் தொடங்கும். தருமபுரி மாநில அளவுக்கு 11 புள்ளிகளுக்கு மேல் பின்னே, கன்னியாகுமரி கிட்டத்தட்ட 12 புள்ளிகள் முன்னே. அச்சு எங்கே தொடங்குகிறது என்பதைப் படத்தின் தலைப்புக்குக் கீழே ஒரு வரியாக எழுதிவிடுவதிலும் தவறில்லை.

வரிசை அடுத்தது. கணக்கெடுப்புப் பட்டியல் மாவட்டங்களைத் தன் வழக்கப்படி திருவள்ளூரில் தொடங்கி அடுக்குகிறது. அந்த வரிசையில் கன்னியாகுமரியும் தருமபுரியும் அடுத்தடுத்து வருகின்றன. மாநிலத்தின் உச்சமும் அடியும் பக்கத்துப் பக்கத்தில்! பட்டியலை அப்படியே படமாக்கினால் புள்ளிகள் இங்கும் அங்குமாகச் சிதறும். ஒரு தோற்றமும் பிடிபடாது. அகர வரிசையில் போட்டாலும் இதே கதிதான். எண்ணின் வரிசையில், பெரியது மேலே சிறியது கீழே என்று அடுக்கினால் புள்ளிகள் சரிந்து இறங்கும் ஒரு வளைவாக அமைகின்றன. மேலே கன்னியாகுமரியும் சென்னையும் மட்டும் 90ஐத் தாண்டி நிற்கின்றன. அடுத்து 86.16 பெற்ற தூத்துக்குடி வரை ஒரு பெரிய வெற்றிடம். பிறகு 82க்கும் 86க்கும் இடையே மாவட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அடியில் விழுப்புரம், கிருஷ்ணகிரி, அரியலூர் ஆகிய மூன்றும் 71, 72ஐ ஒட்டி ஒரே கொத்தாக இருக்க, அவற்றிலிருந்தும் விலகித் தருமபுரி தனியே. இந்தக் கொத்துகளும் வெற்றிடங்களும்தான் சேதி. அட்டவணையில் 32 எண்களைப் படித்தாலும் இவை மனத்தில் பதிவதில்லை.

தரவரிசையின் மயக்கமும் இங்கே கொஞ்சம் தெளிகிறது. திருவள்ளூர் 84.03, கோயம்புத்தூர் 83.98. பட்டியலில் ஒன்று மேலே, ஒன்று கீழே. செய்தித் தலைப்பில் 'கோவையை முந்திய திருவள்ளூர்' என்றுகூட எழுதலாம். புள்ளி வரைபடத்தில் இரண்டும் ஒரே செங்குத்தில் நிற்கின்றன. முந்தலும் பிந்தலும் இல்லை என்பது பார்த்த மாத்திரத்தில் புரியும்.

வரைவது கடினமல்ல. எக்செலில் இதற்கென்று தனிப் பொத்தான் இல்லை. சிதறல் படத்தைக் கொண்டு ஒப்பேற்றலாம். எண்ணை கிடையச்சுக்கும், 1 முதல் 32 வரையான வரிசை எண்ணைச் செங்குத்து அச்சுக்கும் கொடுக்க வேண்டும். பெயர்களுக்காக, எல்லா வரியிலும் 65 என்ற எண்ணையே கொண்ட இரண்டாவது தொடர் ஒன்றைச் சேர்த்து, அதன் குறியை மறைத்து, மாவட்டப் பெயர்கள் உள்ள கட்டங்களை அதற்கு இடப்பக்கச் சிட்டைகளாகக் கொடுத்துவிடலாம். ஆர் மொழி தெரிந்தவர்களுக்கு இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது:

```r
d <- read.csv("literacy.csv", fileEncoding = "UTF-8")
d <- d[order(d$rate), ]
ragg::agg_png("literacy.png", width = 1600,
              height = 2200, res = 200)
par(family = "Noto Sans Tamil", mar = c(5, 9, 2, 2))
dotchart(d$rate, pch = 19,
         xlim = c(65, 95))
axis(2, at = seq_along(d$rate), labels = d$district,
     las = 1, tick = FALSE)
abline(v = 80.09, lty = 2)
dev.off()
```

இரண்டாவது வரி மாவட்டங்களை எண் வரிசையில் அடுக்குகிறது. `dotchart` கீழிருந்து மேலாக வரைவதால், சிறியது முதலில் என்று அடுக்கினால் பெரியது தானாக உச்சிக்குப் போகும். மூன்றாவது வரியில் உள்ள `ragg` தமிழுக்காக வேண்டியிருக்கிறது. எழுத்துகளைச் சரியாகக் கோத்துத் தராத வரைகருவிகளில் 'சென்னை' என்ற சொல்லின் ஒற்றைக்கொம்பு ச-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ணை, கோ எல்லாம் உடைந்து கிடக்கும். படத்தை அச்சுக்கு அனுப்பும் முன் கொம்பு உள்ள பெயர் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்துவிட வேண்டும். சேலமோ தேனியோ போதும்.

இனி, ஒரே வரியில் இரண்டு எண்கள். இதற்கு நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து பார்லி வயல்கள். புள்ளியியலில் பேர்போன தரவு அது. 1931, 1932 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பத்து பார்லி ரகங்களை ஆறு இடங்களில் விதைத்து, ஏக்கருக்கு எத்தனை புஷல் விளைந்தது என்று குறித்துவைத்தார்கள். பத்து ரகம், ஆறு இடம், இரண்டு ஆண்டு. ஆக 120 எண்கள். இம்மர் உள்ளிட்ட வேளாண் ஆய்வாளர்கள் இதை 1934இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே ரொனால்ட் ஃபிஷர் பரிசோதனை வடிவமைப்பைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலில் இதன் ஒரு பகுதியை எடுத்தாண்டார். அதன் பிறகு எத்தனையோ புள்ளியியலாளர்கள் இதே எண்களை வைத்துத் தங்கள் முறைகளைச் சோதித்தார்கள்.

மஞ்சூரியா என்ற ஒரு ரகத்தை மட்டும் பார்ப்போம். 1931இலிருந்து 1932க்கு அதன் விளைச்சல் எப்படி மாறியது? வசீகாவில் 48.9 புஷலிலிருந்து 33.5க்கு இறங்கியது. குரூக்ஸ்டனில் 39.9இலிருந்து 33.0. கிராண்ட் ராப்பிட்ஸில் 33.0இலிருந்து 22.1. டுலூத்தில் 29.0இலிருந்து 22.6. பல்கலைக்கழகப் பண்ணையில் 27.0, 26.9 என்று அப்படியே நின்றது. மாரிஸ் என்ற இடத்தில் மட்டும் 27.4இலிருந்து 34.4க்கு ஏறியது.

இதைப் பட்டையாக வரைந்தால் இடத்துக்கு இரண்டு என்று பன்னிரண்டு பட்டைகள், இரண்டு நிறத்தில். ஒவ்வோர் இடத்திலும் எது நீளம் என்று ஜோடி ஜோடியாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். புள்ளிப் படத்தில் ஆறே வரிகள். ஒவ்வொரு வரியிலும் 1931க்குக் கெட்டியான வட்டம், 1932க்கு வெற்று வட்டம். ஐந்து வரிகளில் வெற்று வட்டம் இடப்பக்கம் நிற்கிறது, அல்லது மற்றதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாரிஸ் வரியில் மட்டும் அது வலப்பக்கம் தாவியிருக்கிறது. இரண்டையும் ஒரு சிறு கோட்டால் இணைத்துவிட்டால் மாற்றத்தின் அளவும் கிடைத்துவிடும். வசீகாவில் பதினைந்து புஷலுக்கு மேல் நீண்ட கோடு, டுலூத்தில் ஆறரைக்குள் அடங்கும் கோடு. இந்த இணைப்புக் கோட்டுக்குப் பூச்சியத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டு எண்களின் வித்தியாசமே அதன் நீளம் என்பதால் அச்சு எங்கே தொடங்கினாலும் அது பொய் சொல்லாது.

கிளீவ்லாந்து பத்து ரகங்களையும் இப்படியே வரைந்தார். இடத்துக்கு ஒரு கட்டமாக ஆறு கட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வொரு கட்டத்திலும் ரகத்துக்கு ஒரு வரியாகப் பத்து வரிகள். எல்லாக் கட்டத்துக்கும் ஒரே கிடையச்சு. இடங்களையும் ரகங்களையும் அகர வரிசையில் வைக்காமல், அவற்றின் விளைச்சலின் இடைநிலை அளவைக் கொண்டு அடுக்கினார். விளைச்சல் அதிகமான வசீகா உச்சியில், குறைவான கிராண்ட் ராப்பிட்ஸ் அடியில். 120 எண்களும் ஒரே பக்கத்தில் அடங்கின. மற்ற ஐந்து கட்டங்களிலும் பொதுவாக 1931 வலப்பக்கமும் 1932 இடப்பக்கமும் நிற்க, மாரிஸ் கட்டத்தில் கிட்டத்தட்ட எல்லா ரகங்களும் தலைகீழாக நின்றன.

பல பத்தாண்டுகளாகப் பலர் கைபட்ட தரவு. கூட்டிக் கழித்து, சராசரி கண்டு, அட்டவணையாக்கி அலசிய தரவு. அதற்குள் இப்படி ஒன்று கிடக்கிறது என்பது இந்தப் படத்தில்தான் பளிச்சென்று தெரிந்தது. 1993இல் வெளியான தம் இன்னொரு நூலில் கிளீவ்லாந்து இதை விரிவாக எடுத்துப் பேசினார். மாரிஸின் இரண்டு ஆண்டுகளை மாற்றிப் போட்டுப் பார்த்தால் அதுவும் மற்ற இடங்களோடு அழகாகப் பொருந்திவிடுகிறது. ஆகவே எண்களைப் பதியும்போது யாரோ ஆண்டை மாற்றி எழுதிவிட்டார்கள் என்பது அவர் முடிவு. புள்ளியியல் வகுப்புகளில் நெடுநாள் சொல்லப்பட்டுவந்த கதை இது.

கதை அத்தோடு முடியவில்லை. 2013இல் கெவின் ரைட் என்பவர் அதே வட்டாரத்தின் பிற ஆண்டுகளின் விளைச்சல் பதிவுகளையும் வானிலைக் குறிப்புகளையும் தேடி எடுத்து இந்தத் தரவைத் திரும்ப ஆராய்ந்தார். இன்னும் சில ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஓர் இடத்தில் விளைச்சல் ஏறும்போது இன்னோர் இடத்தில் இறங்குவது அப்பகுதியில் அபூர்வமே அல்ல. மாரிஸ் எண்கள் சரியாகவே இருந்திருக்கலாம் என்று அவர் காட்டினார். எனக்கு ரைட்டின் வாதமே வலுவாகப் படுகிறது. இரண்டே ஆண்டுகளை வைத்துக்கொண்டு 'வழக்கம்' இது, 'விதிவிலக்கு' இது என்று பிரிக்க முடியாது. மாரிஸ் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது என்பதுவரை படம் சொன்னது. ஏன் என்பதற்கு வயலையும் மழையையும் பழைய பதிவேட்டையும்தான் கேட்க வேண்டியிருந்தது.

அதே பார்லிப் படத்தில் புள்ளியின் பலவீனமும் தெரிகிறது. பல்கலைக்கழகப் பண்ணையில் மஞ்சூரியா 27.0, 26.9. இரண்டு புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். இரண்டுமே கெட்டியான வட்டங்களாக இருந்தால் ஒன்று மற்றதை முழுக்க மறைத்துவிடும். அந்த இடத்தில் ஓராண்டுக் கணக்குத்தான் இருக்கிறதோ என்று வாசகர் நினைப்பார். ஒன்றைக் கெட்டியாகவும் மற்றதை வெற்று வட்டமாகவும் கொஞ்சம் பெரிதாகவும் போட்டால் கெட்டிப்புள்ளி வளையத்துக்குள் தெரியும். நிறத்தை மட்டும் நம்பி ஆண்டுகளைப் பிரிப்பது கறுப்பு வெள்ளை அச்சில் காலை வாரிவிடும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத வாசகர்களுக்கும் அது உதவாது. குறியின் வடிவமும் மாற வேண்டும். ஒரு வரியில் மூன்று குறிகள் வரை தாங்கும். நாலாவதைச் சேர்த்தால் எது எந்த ஆண்டு என்று விளக்கக் கட்டத்துக்கும் படத்துக்குமாகக் கண் அலைய ஆரம்பித்துவிடும். அப்போது கட்டங்களாகப் பிரிப்பதே வழி.

பட்டையையே வைத்துக்கொள்ள வேண்டிய இடங்களும் உண்டு. நாலைந்து பெயர்கள்தான் என்றால் இத்தனை ஏற்பாடு தேவையில்லை. ஏக்கர், டன், ரூபாய் என்று மொத்த அளவைக் காட்டும்போது, ஒன்று மற்றதைப்போல எத்தனை மடங்கு என்பதுதான் கேள்வி என்றால், பூச்சியத்திலிருந்து கிளம்பும் பட்டைக்கு உள்ள கனம் புள்ளிக்குக் கிடையாது. முன்பின் பார்த்துப் பழகாத வாசகர் புள்ளி வரைபடத்தைக் கண்டதும் சற்றுத் தயங்கவும் கூடும். புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டால் நன்றாயிருக்குமே என்று வடிவமைப்பாளருக்கே தோன்றும். மேலிருந்து கீழாக ஒரு மாவட்டத்தின் புள்ளியை அடுத்த மாவட்டத்தின் புள்ளியோடு இணைப்பதில் எந்தப் பொருளும் இல்லை. தூத்துக்குடிக்கும் நீலகிரிக்கும் நடுவே 'போகும்' எழுத்தறிவு என்று ஒன்று கிடையாது. கோடு, ஒரே இடம் காலத்தில் எப்படி நகர்ந்தது என்பதைக் காட்டுவதற்கு உரியது.

பார்லித் தரவு ஆர் மொழியின் `lattice` தொகுப்போடு இலவசமாகவே வருகிறது. கிளீவ்லாந்தின் படத்தை வீட்டுக் கணினியில் வரைந்துபார்க்க இரண்டு கட்டளைகள் போதும்:

```r
library(lattice)
dotplot(variety ~ yield | site, data = barley,
        groups = year, auto.key = TRUE, layout = c(1, 6))
```

திரையில் ஆறு கட்டங்களும் வந்த பிறகு, `site` என்ற இடத்தில் `variety`யையும் `variety` என்ற இடத்தில் `site`ஐயும் மாற்றி, `layout`ஐ நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். இப்போது ரகத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஆறு வரிகள். எண்கள் அவையேதான். ஆனால் மாரிஸ் ஒரே கட்டத்தில் திரண்டு நிற்காமல், பத்துக் கட்டத்திலும் ஒவ்வொரு வரியாகப் பிரிந்து கிடக்கும். எதை வரியாக்குவது, எதைக் கட்டமாக்குவது என்பதை ஒரே தரவுக்கு இரண்டு விதமாகவும் செய்து பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.